ஒரு தண்ணீர்ப் போத்தல், மூன்று இலக்கங்கள்: பிளாஸ்டிக் அடையாளங்களை வகுப்பில் 15 நிமிடத்தில் விளக்குவது எப்படி

பொருட்களில் உள்ள அடையாளங்கள் எல்லாவற்றையும் ஒரே பேச்சில் சொல்ல முயன்றால் பிள்ளைகள் மனதில் ஒன்றும் தங்காது. இந்த வழிகாட்டி ஒரே ஓர் அடையாளத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பிளாஸ்டிக் பொருட்களின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் இலக்கம்தான் அது. தரம் 7 முதல் 9 வரையான வகுப்புகளுக்குப் பொருந்தும். திருகோணமலை வீடுகளிலும் கடைகளிலும் கிடைக்கும் பொருட்களே போதும். உப்பைத் தவிர எதற்கும் செலவில்லை.

ஒழுங்கு முக்கியம். ஒன்று முதல் ஏழு வரையான அட்டவணையைக் கரும்பலகையில் எழுதித் தொடங்குவதுதான் புதிதாகச் செய்பவர்கள் அதிகம் விடும் பிழை. அட்டவணையைப் பார்த்ததும் பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதத் தொடங்கிவிடுவார்கள். கையில் இருக்கும் பொருளை யாரும் திருப்பிப் பார்க்கமாட்டார்கள்.

## 1. மூன்று நாளுக்கு முன்: பொருள் சேர்த்தல்

முப்பத்தைந்து பிள்ளைகள் என்றால் ஐந்து பேர் கொண்ட ஏழு குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் மூடியுடன் ஒரு தண்ணீர்ப் போத்தலும் ஒரு வெறும் யோகட் கோப்பையும் வேண்டும். ஏழு யோகட் கோப்பைகள் ஒரே நாளில் சேராது. அதனால்தான் மூன்று நாள்.

சேர்த்த ஒவ்வொன்றையும் நீங்களே முதலில் திருப்பிப் பாருங்கள். போத்தலின் அடியில் 1 இருக்கும். யோகட் கோப்பையில் பெரும்பாலும் 6 இருக்கும். சில நிறுவனங்களின் கோப்பைகளில் 5 இருக்கும். இந்தப் பேச்சுக்கு 6 தேவை. 5 உள்ள கோப்பை ஒரு குழுவிடம் போய்விட்டால் அவர்களுக்கு மட்டும் சோதனை வேறு விதமாக முடியும், நேரம் அதிலேயே கழிந்துவிடும்.

மூடியில் அடையாளம் இருந்தால் உட்புறத்தில் இருக்கும். 2 அல்லது 5 என்று வரும். பல மூடிகளில் ஒன்றுமே இருக்காது. அவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி உலர்த்துங்கள். யோகட் கோப்பையில் ஒட்டியிருக்கும் கொழுப்புப் படலத்தில் காற்றுக் குமிழிகள் தங்கிவிடும். மூழ்க வேண்டிய துண்டு அதனால் மிதக்கும்.

## 2. வகுப்புக்கு முதல் நாள் இரவு: வெட்டுதலும் ஒரு போத்தலைக் கெடுத்தலும்

ஒவ்வொரு பொருளிலிருந்தும் ஒரு சென்ரிமீற்றர் சதுரத் துண்டுகள் வெட்டுங்கள். போத்தலில் லேபிள் ஒட்டிய இடத்தையும் பசை உள்ள இடத்தையும் விட்டு நடுப்பகுதியில் வெட்டுங்கள். கோப்பையில் அச்சு மை இல்லாத இடம் நல்லது. மூடியைக் கத்தரிக்கோலால் வெட்டுவது கடினம். மூடியோடு வரும் மெல்லிய வளையத்தைப் போத்தல் கழுத்திலிருந்து கழற்றித் துண்டாக்கினால் போதும். அந்த வளையமும் மூடியும் ஒரே பொருள்தான்.

வெட்டும் வேலையை வகுப்பில் வைத்துக்கொள்ள வேண்டாம். போத்தல் பிளாஸ்டிக்கின் வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும். யோகட் கோப்பை கத்தரிக்கோலின் கீழ் நொறுங்கிச் சில்லாகத் தெறிக்கும்.

பிறகு, இன்னொரு தண்ணீர்ப் போத்தலைப் பெரிய தட்டில் நிறுத்தி, கொதித்த தண்ணீரை மூன்றிலொரு பங்கு ஊற்றுங்கள். சில நொடிகளில் அது சுருங்கி வளையும். ஆறியதும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அந்தக் கோணிய போத்தலை வகுப்புக்குக் கொண்டுபோங்கள். இதை வகுப்பில் செய்து காட்ட வேண்டாம். நிற்கும் போத்தல் சுருங்கும்போது சரிந்து விழும், சுடுதண்ணீர் மேசையில் ஓடும்.

கடைசியாக இரண்டு தண்ணீர். ஒரு லீற்றர் குழாய்த் தண்ணீரில் 200 கிராம் உப்பைக் கரைத்து இரவு முழுக்க வைத்துவிடுங்கள். 400 கிராம் பக்கற்று என்றால் சரிபாதி. தூள் உப்பில் தண்ணீர் முதலில் கலங்கும், காலையில் தெளியும். மற்றது ஒரு போத்தல் கடல் தண்ணீர். டச் பே பக்கம், உப்புவெளி, நிலாவெளி, எங்கிருந்தாலும் சரி. இதன் தேவை ஆறாம் பகுதியில் வரும்.

## 3. முதல் இரண்டு நிமிடம்: ஊகிக்க விடுங்கள்

குழுக்களுக்குப் போத்தலையும் கோப்பையையும் கொடுங்கள். துண்டுகளை இன்னும் கொடுக்க வேண்டாம். கேட்க வேண்டியது இது மட்டும்தான்: "பிள்ளையள், இந்தப் போத்தல் எத்தினை வகைப் பிளாஸ்டிக்கில செய்தது?"

பெரும்பாலும் "ஒண்டு ரீச்சர்" என்றுதான் பதில் வரும். சரி பிழை சொல்லாமல் பலகையில் எழுதிவிடுங்கள். அடையாளத்தைப் படித்த பிறகு ஊகிக்கச் சொன்னால் அது ஊகமாகாது. கண்ணால் பார்த்துப் பிளாஸ்டிக்கைப் பிரிக்க முடியாது என்பது அவர்களே ஒருமுறை பிழைவிட்டால்தான் புரியும்.

## 4. அடுத்த நான்கு நிமிடம்: அடையாளத்தைக் கண்டுபிடித்தல்

இப்போது "அடியைத் திருப்பிப் பாருங்கோ" என்று சொல்லுங்கள். நிறமில்லாத பிளாஸ்டிக்கில் புடைத்திருக்கும் எழுத்து நேராகப் பார்த்தால் தெரியாது. சோக்குத் தூளை விரலில் எடுத்து அந்த இடத்தில் தேய்த்து, ஈரமில்லாத துணியால் ஒருமுறை மெல்லத் துடைக்கச் சொல்லுங்கள். எழுத்தின் ஓரங்களில் தூள் தங்கி, முக்கோணம் வெள்ளையாகத் தெரியும்.

தேடும்போது மூன்று இடங்களில் பிள்ளைகள் தடுக்குவார்கள். வரிசைகளுக்கு இடையே நடந்து கவனியுங்கள்.

முதலாவது, முக்கோணம் இல்லாமல் தனியே நிற்கும் இலக்கம். அடியில் 14, 22, 3 என்று இருக்கலாம். அது அச்சின் இலக்கம். ஒரே நேரத்தில் பல போத்தல்கள் வார்க்கும் இயந்திரத்தில் எந்த அச்சில் இது வந்தது என்று தொழிற்சாலை அறிந்துகொள்ள இட்டது. தனியே நிற்கும் 3ஐ முக்கோணத்து 3 என்று எடுத்தால் பொருளே மாறிவிடும். சட்டம் சுருக்கமானது: முக்கோணம் இல்லையென்றால் கணக்கில் இல்லை.

இரண்டாவது, மணிக்கூட்டு முகம் போன்ற வட்டம். சுற்றிலும் 1 முதல் 12 வரை, நடுவில் ஓர் அம்புக்குறி. சாப்பாட்டுப் பெட்டிகளிலும் வாளிகளிலும் காணலாம். அது வார்த்த மாதம், காலாவதித் திகதி இல்லை.

மூன்றாவது, முக்கோணத்தின் வடிவம். சிலவற்றில் ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புகள், சிலவற்றில் வெறும் முக்கோணம். இரண்டும் ஒன்றுதான். 1988இல் அமெரிக்காவில் இந்த முறை தொடங்கியபோது அம்புகள் இருந்தன. அம்புகளைப் பார்த்தவர்கள் "இது மீள்சுழற்சி ஆகும்" என்று நினைத்ததால் 2013இல் தரநிலையில் வெறும் முக்கோணமாக மாற்றினார்கள். பழைய அச்சுகள் இன்னும் ஓடுகின்றன, அதனால் இரண்டும் கடையில் உண்டு.

குழுக்கள் கண்டதைச் சொல்லும்போது பலகையில் எழுதுங்கள்: போத்தல் 1, மூடி 2 அல்லது 5, கோப்பை 6. அடையாளம் இல்லாத மூடி வைத்திருக்கும் குழுவுக்குக் கேள்விக்குறி. இப்போது ஒரு வரி மட்டும் சொல்லுங்கள்: "இந்த இலக்கம் எந்தப் பிளாஸ்டிக் எண்டு மட்டும் சொல்லும். நல்லதா கெட்டதா எண்டு சொல்லாது." 1 பெட், 2 எச்.டி.பீ.ஈ., 5 பொலிபுறொப்பிலீன், 6 பொலிஸ்டைரீன். பெயர்களை மனனம் செய்யச் சொல்ல வேண்டாம். முக்கோணத்தின் கீழே ஆங்கில எழுத்திலும் அது இருக்கும், தேவையானபோது படித்துக்கொள்வார்கள்.

## 5. நடு ஐந்து நிமிடம்: தண்ணீர்ச் சோதனை

ஒன்றரை லீற்றர் போத்தலைப் பாதியில் வெட்டி, விளிம்புக்கு ஒட்டுநாடா சுற்றினால் குழுவுக்கு ஒரு பாத்திரம். முக்கால்வாசி குழாய்த் தண்ணீர். இப்போது துண்டுகளைக் கொடுங்கள்.

துண்டுகளை வெறுமனே மேலே போட்டால் எல்லாமே மிதக்கும். பாதிப் பேர் "ரீச்சர், எல்லாம் மிதக்குது" என்பார்கள். தட்டையான மெல்லிய துண்டைத் தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை தாங்கிக்கொள்வதுதான் காரணம். ஒவ்வொரு துண்டையும் விரலால் நனைத்து, இரு பக்கமும் தேய்த்துக் குமிழியை எடுத்து, தண்ணீருக்கு அடியில் கொண்டுபோய் விட வேண்டும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டால் இன்னும் நல்லது. விட்ட பிறகு துண்டு மேலே வருகிறதா, கீழே போகிறதா என்பதுதான் விடை.

போத்தல் துண்டு கீழே போகும். மூடித் துண்டு மேலே வரும். கோப்பைத் துண்டும் கீழே போகும், ஆனால் மெதுவாக. அந்த மெதுவைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

காரணத்தை லீற்றரில் சொன்னால் எளிதாகப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு லீற்றர் தண்ணீர் 1000 கிராம். அதே அளவு இடத்தை நிரப்பும் போத்தல் பிளாஸ்டிக் ஏறத்தாழ 1380 கிராம், கோப்பைப் பிளாஸ்டிக் ஏறத்தாழ 1050, மூடி 2 என்றால் 950, 5 என்றால் 900. ஆயிரத்துக்கு மேல் உள்ளவை மூழ்கும், கீழ் உள்ளவை மிதக்கும். கோப்பை ஏன் மெதுவாகப் போனது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது.

"மூடி போட்ட முழுப் போத்தல் கடலில மிதக்குதே?" என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். மிதப்பது உள்ளே இருக்கும் காற்று. மூடி கழன்று தண்ணீர் புகுந்தால் போத்தல் அடிக்குப் போகும், மூடி மட்டும் கரைக்கு வரும். கடற்கரையில் அலை ஒதுக்கிய குப்பையில் மூடிகளைத் தேடிப் பார்க்கச் சொன்னால், அடுத்த முறை போகும்போது கட்டாயம் பார்ப்பார்கள்.

இதே வேறுபாட்டை வைத்துத்தான் மீள்சுழற்சி ஆலைகளும் பிரிக்கின்றன. போத்தல்களைச் சில்லாக அரைத்துத் தண்ணீர்த் தொட்டியில் விடுவார்கள். மேலே வரும் மூடிச் சில்லை அள்ளிவிட்டு, அடியில் தங்கும் பெட் சில்லை எடுப்பார்கள். சிக்கல் லேபிளில் வரலாம். சில போத்தல்களைச் சுற்றியிருக்கும் சுருங்கு லேபிள் பீ.வி.சி., அதாவது 3. அதுவும் தண்ணீரில் மூழ்கும். பெட் சில்லோடு அடியில் தங்கி, உருக்கும்போது அந்தச் சூட்டில் கருகி முழுத் தொகுதியின் நிறத்தையும் கெடுத்துவிடும். போத்தலைக் கொடுக்கும் முன் லேபிளைக் கழற்றச் சொல்வதற்குக் காரணம் இது.

## 6. உப்புத் தண்ணீரும் கடல் தண்ணீரும்

இதை முன்மேசையில் நீங்கள் மட்டும் செய்யுங்கள். ஏழு குழுவுக்கும் என்றால் ஒன்றரைக் கிலோ உப்பு தேவைப்படும்.

கோப்பைத் துண்டையும் போத்தல் துண்டையும் முதலில் கடல் தண்ணீரில் விடுங்கள். விடுவதற்கு முன் கை உயர்த்தச் சொல்லுங்கள். கடலில் உடம்பு இலகுவாக மிதப்பதை அறிந்த பிள்ளைகள் ஆதலால், பலர் கோப்பை மிதக்கும் என்பார்கள். இரண்டும் மூழ்கும். கடல் தண்ணீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புத்தான். ஒரு லீற்றர் 1025 கிராம் அளவில் நிற்கும். கோப்பையின் 1050ஐத் தூக்க அது போதாது.

பிறகு நீங்கள் கரைத்துக் கொண்டுவந்த தண்ணீர். இதன் ஒரு லீற்றர் ஏறத்தாழ 1120 கிராம். கோப்பைத் துண்டு மேலே வரும், போத்தல் துண்டு அடியிலேயே கிடக்கும். எவ்வளவு உப்புப் போட்டாலும் போத்தல் துண்டு எழாது. தண்ணீர் இனிமேல் உப்பைக் கரைக்காது என்ற நிலையிலும் லீற்றர் 1200 கிராம்தான்.

கோப்பைத் துண்டு எழவில்லை என்றால் பாத்திரத்தின் அடியில் உப்புக் கரையாமல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். மேல் தண்ணீர் நீர்த்தும் அடித் தண்ணீர் செறிந்தும் இருந்தால் துண்டு நடுவில் தொங்கி நிற்கும். நன்றாகக் கலக்கிவிட்டுத் திரும்ப விடுங்கள்.

## 7. சோதனை எங்கே நின்றுவிடுகிறது

இந்தப் பேச்சின் நடுப்புள்ளி இதுதான். இதை அவசரப்பட்டுக் கடந்துவிட வேண்டாம்.

கேள்விக்குறி போட்ட குழுவிடம் போங்கள். அவர்களின் மூடி மிதந்தது. 2ஆ, 5ஆ? இரண்டும் தண்ணீரில் மிதக்கும், 4உம் மிதக்கும். தண்ணீரால் சொல்ல முடியாது. அதேபோல 1உம் 3உம் உப்புத் தண்ணீரிலும் மூழ்கும். இந்த இடத்தில் விடை தரக்கூடியது பொருளின் அடியில் உள்ள அடையாளம் ஒன்றுதான். தொழிற்சாலை அதை இட மறந்தால் வாங்குபவருக்கும் பழைய போத்தல் சேர்ப்பவருக்கும் வேறு வழியில்லை. பலகையில் அந்தக் கேள்விக்குறியை அழிக்காமல் விட்டுவிடுங்கள்.

எரித்துப் பார்த்தால் தெரியும் என்று ஒரு பிள்ளை சொல்லக்கூடும். வேண்டாம் என்று சொல்வதோடு காரணத்தையும் சொல்லுங்கள்: 3 எரிந்தால் ஐதரசன் குளோரைட்டு வாயு வரும், அது மூச்சுக்குழாயை அரிக்கும்.

இரண்டு விதிவிலக்குகளையும் சொல்லி வைக்கலாம். ரெஜிபோம் பெட்டியும் 6தான், ஆனால் நிறையக் காற்று அடைத்திருப்பதால் எந்தத் தண்ணீரிலும் மிதக்கும். கனதிக்காகச் சுண்ணத் தூள் கலந்த 5 தண்ணீரில் மூழ்கலாம். சில பிளாஸ்டிக் கதிரைகளில் அப்படி இருக்கும். வீட்டில் செய்து பார்த்துவிட்டு "பிழையாய் வந்திட்டுது" என்று வரும் பிள்ளைக்கு இந்த விளக்கம் தேவைப்படும்.

## 8. கடைசி நான்கு நிமிடம்: குசினிக்குக் கொண்டுபோதல்

இப்போது கோணிய போத்தலை எடுத்துக் காட்டுங்கள். "1 எண்டு இருந்துது, சுடுதண்ணி ஊத்தினன்." போத்தல் பிளாஸ்டிக் 70, 80 பாகை அளவிலேயே இளகத் தொடங்கும். கடையில் வாங்கிய தேநீரை வெறும் போத்தலில் ஊற்றிக்கொண்டு போகும் பழக்கத்தை எல்லாப் பிள்ளைகளும் கண்டிருப்பார்கள். 6 உள்ள கோப்பை கொதிநீருக்குக் கிட்டிய சூட்டில் இளகும். 5 கொதிநீரைத் தாங்கும். அது உருக ஏறத்தாழ 160 பாகை வேண்டும். சாப்பாட்டுப் பெட்டிகள் பலவற்றில் 5 இருப்பது அதனால்தான்.

இதோடு நிறுத்தினால் பிள்ளைகள் "5 எண்டால் நல்லது" என்று வீட்டில் போய்ச் சொல்வார்கள். அது ஆபத்தான பாதி உண்மை. பெயின்ற் வாளியிலும் 5 இருக்கும். அந்த வாளியில் குடிதண்ணீர், அரிசி, கருவாடு வைப்பதை நம் ஊரில் எங்கும் காணலாம். இலக்கம் சூட்டுக்கு இளகுமா என்று ஊகிக்க உதவும். முன்னர் அதில் என்ன இருந்தது, அந்தப் பிளாஸ்டிக்கில் என்ன நிறம் கலந்தார்கள் என்பதை அது சொல்லாது. உணவுக்கென்று செய்த பாத்திரத்தில் ஒரு வைன் கிளாசும் முள்ளுக்கரண்டியும் அருகருகே வரைந்த குறி இருக்கலாம். அந்தக் குறியையும் இலக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு வாளிக்கு முன்பின் தெரியாது, குறியும் இல்லை என்றால் அது மாவுக்கோ தண்ணீருக்கோ வேண்டாம், பூக்கன்றுக்கு இருக்கட்டும்.

சோடாப் போத்தலில் உள்ள நிற வட்டத்தைப் பற்றியும் யாராவது கேட்பார்கள். அது போத்தலைப் பற்றியது இல்லை, உள்ளே இருக்கும் சீனியைப் பற்றியது. 2016இல் நடைமுறைக்கு வந்த விதியின்படி 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவு என்றால் பச்சை, இடையில் செம்மஞ்சள். இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டு இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

## 9. வீட்டுவேலையும் திருத்தலும்

வீட்டில் ஐந்து பொருட்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர், இலக்கம், அது எந்த இடத்தில் இருந்தது, உணவுக்குறி உண்டா இல்லையா, வீட்டில் எதற்குப் பயன்படுகிறது. கடைசி நிரலைத் தவறவிட வேண்டாம். சுடுகஞ்சி ஊற்றும் 1ஆம் இலக்கப் போத்தலும் பெயின்ற் வாளியில் தண்ணீரும் அந்த நிரலில்தான் வெளிவரும்.

திருத்தும்போது 8, 12, 20 போன்ற இலக்கங்கள் வந்தால் அச்சு இலக்கத்தை எடுத்திருக்கிறார்கள். முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரைதான் பார்க்கிறோம். 7 என்று வந்தால் "மற்றவை எல்லாம்" என்று பொருள். எந்தப் பிளாஸ்டிக் என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பெரிய தண்ணீர்க் கேன்கள் சிலவற்றில் அது இருக்கும். "அடையாளம் இல்லை" என்று எழுதிய பிள்ளைக்குப் புள்ளி குறைக்க வேண்டாம். அப்படி வரும் பொருட்களை மட்டும் ஒரு தாளில் தனியே சேர்த்துவையுங்கள். சோக்குத் தூள் போட்டுத் திரும்பவும் பார்க்கும்போது அவற்றில் சிலவற்றில் இலக்கம் வெளிப்படும்.

துண்டுகளை அள்ளி உலர்த்தி, 1, மூடி, 6 என்று எழுதிய மூன்று கடித உறைகளில் போட்டால் அடுத்த வகுப்புக்கும் அவையே போதும். ஒரு துண்டும் தண்ணீரோடு வடிகாலுக்குப் போகாமல் வடியில் வடித்தெடுங்கள். உப்புத் தண்ணீரைப் பள்ளிக்கூட மரங்களின் அடியில் ஊற்ற வேண்டாம். போத்தலில் அடைத்து வைத்தால் அடுத்த தவணையிலும் உதவும்.